ஆப் போட்டுக் கொடுத்த ஓட்டத் திட்டம் ஒத்துவரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஃபிட்னஸ் ஆப்பில் நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும், ஒரு நிமிடத்தில் 14 வாரத்துக்கான பயிற்சித் திட்டம் வந்துவிடுகிறது. பார்க்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த நாலு பதிலைத் தவிர உங்களைப் பற்றி ஆப்புக்கு வேறொன்றும் தெரியாது. ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், கடையில் எட்டு மணிநேரம் நின்றுகொண்டே வேலை பார்ப்பவரா, போன வருஷம் முழங்கால் வலி வந்ததா, எதுவும் அதன் கணக்கில் இல்லை. திட்டம் உடம்போடு மோதும்போது, பெரும்பாலும் தப்பு இருக்கும் இடம் அந்த நாலு பதில்தான்.

இங்கே ஓட்டத் திட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உதாரணத்துக்கு எங்கள் காலை ஓட்டக் குழுவில் உள்ள ஒருவருடைய கணக்கையே கடைசிவரை பின்தொடரலாம். வயது 42, அலுவலக வேலை, ஜனவரி முதல் வாரத்தில் சென்னையில் நடக்கும் மாரத்தானில் அரை மாரத்தான் தூரமான 21.1 கி.மீ. ஓடவேண்டும் என்பது ஆசை. செப்டம்பர் கடைசியில் ஆப்பில் திட்டம் போட்டார். ஆப் கேட்டதும் அவர் கொடுத்ததும் இவ்வளவுதான்: வாரத்துக்கு 5 நாள் ஓடுவேன், 5 கி.மீ. நேரம் 27 நிமிடம், இலக்கு 2 மணிநேரம், வயது 42.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரே ஒரு வேலை. ஆப்பில் இன்றைய பயிற்சியை மட்டும் பார்க்காமல் முழு நாள்காட்டியையும் திறந்து, ஒவ்வொரு வாரத்தின் மொத்த கிலோமீட்டரையும் அந்த வாரத்தின் நீளமான ஓட்டத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே, நீங்கள் கடந்த நாலு வாரம் நிஜமாக ஓடிய தூரத்தையும் எழுதுங்கள். கீழே சொல்லும் பாதி சோதனைகளுக்கு இந்தத் தாள்தான் வேண்டும்.

## அறிகுறி 1: "ஈஸி" என்று போட்ட ஓட்டமே மூச்சு வாங்குகிறது

"அண்ணே, ஈஸின்னு போட்டிருக்கு, எனக்கு மூச்சு முட்டுது" என்றுதான் அவர் முதலில் வந்தார். இது அடிக்கடி வரும் புகார். முதலில் நிஜமாகவே அது ஈஸி இல்லையா என்று பாருங்கள். ஓடிக்கொண்டே போனில் வீட்டுக்குப் பேசுவதாக நினைத்து, "இன்னும் பத்து நிமிஷத்துல வந்துடுவேன், வரும்போது பால் பாக்கெட் வாங்கிட்டு வரணுமா?" என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சுக்காக நிற்கவேண்டி வந்தால் அது ஈஸி ஓட்டம் இல்லை, ஆப் என்ன பெயர் வைத்திருந்தாலும் சரி.

அப்புறம் காரணம். வேகத்தை வைத்து நடத்தும் ஆப் என்றால், நீங்கள் கொடுத்த 5 கி.மீ. நேரத்தைச் சந்தேகப்படுங்கள். நம்மவர் கொடுத்த 27 நிமிடம் இரண்டு வருஷத்துக்கு முந்தைய சாதனை நேரம். ஆப் அதிலிருந்து கணக்குப் போட்டு, ஈஸி வேகம் கிலோமீட்டருக்கு 6:45 என்று வைத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமதளப் பாதையில் 5 கி.மீ. முழு முயற்சியில் ஓடச் சொன்னோம். வந்தது 31 நிமிடம். இந்த நேரத்துக்கு ஈஸி ஓட்டம் கிலோமீட்டருக்கு 7:30-க்கும் 8 நிமிடத்துக்கும் இடையில்தான் இருக்கவேண்டும். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் முக்கால் நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

இதே எண் இலக்கையும் பாதிக்கிறது. ஒரு தூரத்தின் நேரத்திலிருந்து இன்னொரு தூரத்தின் நேரத்தை ஊகிக்க, பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் தந்த சூத்திரம் ஒன்று இருக்கிறது. பல ஆப்களும் கணிப்பான்களும் இதையோ இதைப் போன்ற ஒன்றையோதான் பயன்படுத்துகின்றன.

```
T2 = T1 × (D2 / D1)^1.06
```

T1 உங்களுக்குத் தெரிந்த நேரம், D1 அந்தத் தூரம், D2 ஓடப்போகும் தூரம். 27 நிமிடத்தைப் போட்டால் அரை மாரத்தானுக்கு 2 மணி 4 நிமிடம் வரும். 31 நிமிடத்தைப் போட்டால் 2 மணி 23 நிமிடம். அதாவது 2 மணிநேர இலக்கு பழைய நேரத்துக்கே கொஞ்சம் அதிகம், இப்போதைய நேரத்துக்கு எட்டாத தூரம். இந்தக் கணக்கும், நீளமான ஓட்டங்களைப் போதிய அளவு ஓடிய ஒருவருக்குத்தான் சரியாக வரும். 5 கி.மீ. மட்டுமே ஓடிப் பழகியவருக்கு நிஜ நேரம் இதைவிட இன்னும் மெதுவாகத்தான் இருக்கும்.

நேரம் சரி, ஆனால் ஆப் இதயத் துடிப்பை வைத்து நடத்துகிறது என்றால் வேறு இடத்தில் தேடவேண்டும். ஓடும்போது மூச்சு சாதாரணமாக இருக்கிறது, கைக்கடிகாரம் மட்டும் 170 காட்டுகிறதா? மணிக்கட்டு சென்சார் சில சமயம் ரத்த ஓட்டத்தின் துடிப்பை விட்டுவிட்டு, கை ஆடும் தாளத்தைத் துடிப்பாக எண்ணிவிடும். கண்டுபிடிப்பது சுலபம். வலது கால் தரையில் படுவதை 30 விநாடி எண்ணி, நாலால் பெருக்குங்கள். அது கடிகாரம் காட்டும் துடிப்போடு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் சென்சார் உங்கள் அடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. நின்று, கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் உறுதியாகிவிடும். கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரற்கடை மேலே ஏற்றி, இறுக்கிக் கட்டுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் மார்புப் பட்டை வாங்குவதுதான் வழி.

மூன்றாவது காரணம் நம் ஊர் வானிலை. அக்டோபரில் காலை 6 மணிக்கே வேர்த்துக் கொட்டும் ஊரில், அதே வேகத்துக்குத் துடிப்பு 10-க்கு மேல் கூடுவது சகஜம். பெரும்பாலான ஆப்கள் வேகத்தை நிர்ணயிக்கும்போது ஈரப்பதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. புழுக்கமான நாளில் வேகத்தை மறந்துவிட்டு அந்தப் பால் பாக்கெட் சோதனையை மட்டும் நம்புங்கள்.

## அறிகுறி 2: வேகமாக நடந்தாலே "வேகத்தைக் குறை" என்கிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். ஓட ஆரம்பித்த ஒரு நிமிடத்தில் கடிகாரம் அதிர்ந்து, இரண்டாம் மண்டலத்தைத் தாண்டிவிட்டாய் என்கிறது. மண்டலம் என்பது இதயத் துடிப்பை ஆப் பிரித்து வைத்திருக்கும் படிகள், அதில் இரண்டாவது ஈஸி ஓட்டத்துக்கானது. இங்கே பிழை உங்கள் உடம்பில் இல்லை, மண்டலக் கணக்கில் இருக்கிறது.

ஆப் பெரும்பாலும் உங்கள் அதிகபட்ச இதயத் துடிப்பை அளப்பதில்லை, 220-லிருந்து வயதைக் கழித்து வைத்துக்கொள்கிறது. நம்மவருக்கு 178. இன்னொரு சூத்திரம், 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது. அதுவும் 42 வயதுக்கு கிட்டத்தட்ட 179 தான் தரும். இரண்டும் ஒத்துப்போகிறதே என்று நம்பிவிடக் கூடாது. இரண்டுமே ஒரே வயதுள்ள பலருடைய சராசரி. ஒரே வயதுள்ள இருவருக்கு நிஜ உச்சத் துடிப்பு 10, 12 என்று மேலேயோ கீழேயோ விலகுவது மிகச் சாதாரணம்.

அதைவிடப் பெரிய குழப்பம், மண்டலத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பது. அதிகபட்சத்தில் 60 முதல் 70 சதவீதம் என்று எடுத்தால் அவருடைய இரண்டாம் மண்டலம் 107-லிருந்து 125 வரை. அதே சதவீதத்தை, ஓய்வுத் துடிப்பைக் கழித்து மிஞ்சும் அளவில் எடுக்கும் முறையும் உண்டு. அவருடைய ஓய்வுத் துடிப்பு 66. 178-லிருந்து 66-ஐக் கழித்தால் 112. அதில் 60 முதல் 70 சதவீதம் எடுத்து, மறுபடி 66-ஐக் கூட்டினால் 133-லிருந்து 144 வரை வரும். ஒரே ஆள், ஒரே பெயருள்ள மண்டலம், ஓர் ஆப்பில் 125-ஐத் தாண்டக் கூடாது, இன்னொன்றில் 144 வரை போகலாம். 125-க்குள் ஓடு என்றால் புதிதாக ஓடுபவர்களில் பலருக்கு நடக்கத்தான் முடியும்.

அமைப்புகளில் போய் எந்த முறை தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். ஓய்வுத் துடிப்பை வைத்துக் கணக்கிடும் வாய்ப்பு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். காலையில் படுக்கையை விட்டு எழும் முன் எண்ணிய துடிப்பைச் சில நாள் சராசரி எடுத்துக் கொடுங்கள். மாற்றிய பிறகு, பேசிக்கொண்டே ஓடும்போது கடிகாரம் காட்டும் எண் புதிய மண்டலத்துக்குள் விழுகிறதா என்று சரிபாருங்கள். விழவில்லை என்றால் உங்கள் அதிகபட்சத் துடிப்பு சூத்திரத்திலிருந்து விலகியிருக்கிறது. அப்போது பேச்சுச் சோதனையே அளவுகோல், எண் இல்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிபிக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு மேலே ஏறாமல் மருந்தே பிடித்து வைத்திருக்கும். வயதுக் கணக்கில் போட்ட எந்த மண்டலமும் அவர்களுக்குப் பொருந்தாது. கடிகாரம் "இன்னும் வேகமாக" என்று சொல்வதைக் கேட்டு உந்திக்கொண்டு ஓடுவது ஆபத்து. மருத்துவரிடம் கேட்டு, முயற்சியின் அளவை வைத்து ஓடவேண்டும். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால் அது திட்டத்தைத் திருத்தும் விஷயமே இல்லை. உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

## அறிகுறி 3: மூச்சு பரவாயில்லை, கால்தான் தாங்கவில்லை

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் முன்னங்காலின் உள்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். அல்லது காலையில் எழுந்து முதல் சில அடிகளுக்குக் குதிகால் பிடித்துக்கொள்ளும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் அடிபடுகிறது.

இப்போது அந்தத் தாளை எடுங்கள். நம்மவர் கடந்த நாலு வாரத்தில் ஓடியது 12, 15, 9, 16 கி.மீ. சராசரி 13. ஆப் முதல் வாரத்துக்கே போட்டது 28. அதற்குப் பிறகு 31, 34, 37 என்று ஏறுகிறது. ஏற்றம் என்று பார்த்தால் வாரத்துக்குப் பத்து சதவீதம் ஒட்டித்தான், ஒழுங்காகத் தெரியும். தப்பு முதல் படியிலேயே இருக்கிறது. 13-லிருந்து 28-க்கு ஒரே தாவல், இரண்டு மடங்குக்கு மேல். வாராவாரம் எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பவர்கள், முதல் வாரத்தைத் தங்கள் போன மாதத்தோடு ஒப்பிட மறந்துவிடுகிறார்கள்.

என் கணக்கு இது. முதல் வாரத் தூரம் உங்கள் நாலு வாரச் சராசரியைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தால் திட்டத்தை அப்படியே ஆரம்பிக்காதீர்கள். முதல் நீள ஓட்டம், கடந்த மாதம் நீங்கள் ஓடிய அதிகபட்சத் தூரத்தைவிட ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் கூடுதலாக இருக்கட்டும். மூன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை தூரம் இறங்கும் வாரம் ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். தாளில் எழுதிய எண்கள் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், நாலாவது வாரத்தில் கால் பங்கை நீங்களே வெட்டிவிடுங்கள்.

எந்த வலியோடு ஓடலாம், எதோடு கூடாது? உள்பக்கக் கால் எலும்பு நெடுக, ஒரு சாண் அளவுக்குப் பரவலாக வலித்து, ஓட ஆரம்பித்ததும் கொஞ்சம் தளர்ந்தால் அது பெரும்பாலும் சுமை கூடியதன் விளைவு. தூரத்தைப் பாதியாக்கி ஒரு வாரம் பாருங்கள். ஒரே ஒரு இடத்தில், விரல் நுனி வைத்துக் காட்டும்படி வலித்தாலோ, அந்த ஒற்றைக் காலில் குதித்தால் சுரீரென்று வலித்தாலோ, ராத்திரி படுத்த பிறகும் வலித்தாலோ எலும்பில் நுண் விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று மறுநாளே ஓடப் போய்விடாதீர்கள்.

## அறிகுறி 4: வாரத்துக்கு இரண்டு பயிற்சி விட்டுப்போகிறது

முதல் இரண்டு வாரம் விட்டால் சோம்பல் என்று சொல்லலாம். மூன்றாவது வாரமும் அதே இரண்டு நாளும் விட்டுப்போனால் அது அட்டவணைக் கோளாறு. ஆப்பில் 45 நிமிடம் என்று போட்டிருக்கும். எழுந்து, தயாராகி, ஓடும் இடத்துக்கு வண்டியில் போய், ஓடி, திரும்பி, வேர்வை அடங்கி, குளித்து முடிக்க ஒன்றரை மணிநேரம். 9 மணிக்கு அலுவலகம் என்றால் அந்த நாளுக்கு எத்தனை மணிக்கு எழவேண்டும், அதற்கு முந்தின நாள் எத்தனை மணிக்குப் படுக்கவேண்டும் என்று பின்னோக்கி எண்ணுங்கள். ராத்திரி 11:30 வரை வெளிநாட்டு வாடிக்கையாளரோடு போன் கால் இருக்கும் நாளுக்கு மறுநாள் காலை, வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும் இன்டர்வெல் பயிற்சியைப் போட்டால், அதை விட்டுவிடுவது உங்கள் குணக் குறை இல்லை.

இந்த இடத்தில் ஆப்பையும் சோதிக்கவேண்டும். விட்ட பயிற்சியை ஒவ்வோர் ஆப்பும் ஒவ்வொரு மாதிரி கையாளும். சில சும்மா விட்டுவிட்டு அடுத்த நாளுக்குப் போகும், சில மீதித் திட்டத்தைத் திருத்தும், சில விட்டதை மறுநாளுக்குத் தள்ளி இரண்டு கடினமான பயிற்சிகளை அடுத்தடுத்து வைத்துவிடும். முதல் வாரத்திலேயே வேண்டுமென்றே ஒரு சின்ன ஈஸி ஓட்டத்தை விட்டுப் பாருங்கள். அடுக்கித் தள்ளும் வகை என்று தெரிந்தால், தானாக மாற்றியமைக்கும் வசதியை அணைத்துவிடுவது நல்லது.

நம்மவருக்கு நிஜமாகக் கிடைத்தவை மூன்று நாள்தான்: செவ்வாய், வியாழன், ஞாயிறு. ஆப்பில் 5-ஐ 3 ஆக்கினோம். மூன்று நாளில் ஒன்று விட்டுப்போனால் எதை விடுவது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அரை மாரத்தான் என்றால் ஞாயிறு நீள ஓட்டம் கடைசியாக விடவேண்டியது, வேகப் பயிற்சி முதலில் விடவேண்டியது. விட்டதை அடுத்த வாரத்தில் ஈடுகட்டக் கூடாது.

சென்னையில் இதோடு மழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பயிற்சி உச்சத்துக்குப் போகும் அதே மாதங்களில் கொட்டும். தெரு முழங்கால் தண்ணீரில் இருக்கும் வாரத்தில் ஆப் பாட்டுக்கு 14 கி.மீ. என்று காட்டிக்கொண்டிருக்கும். ஒரு வாரத்துக்குள் விட்டுப்போயிருந்தால் நாள்காட்டியில் இன்று எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே தொடரலாம். இரண்டு வாரம் போயிருந்தால் திட்டத்தில் இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். மூன்று வாரத்துக்கு மேல் என்றால் 10 கி.மீ. பிரிவுக்கு மாற முடியுமா என்று போட்டி விதிமுறையைப் பார்ப்பதே உத்தமம்.

## அறிகுறி 5: ஆப் பச்சை காட்டுகிறது, உடம்பு வேண்டாம் என்கிறது

தயார்நிலை மதிப்பெண் என்பது தூக்கம், ஓய்வுத் துடிப்பு, துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி மாறுபாடு இவற்றையெல்லாம் கலந்து ஆப் போடும் ஒரு கூட்டு எண். உங்களுக்கு எது இயல்பு என்று கற்றுக்கொள்ள அதற்குச் சில வாரம் ஆகும். கடிகாரம் வாங்கிய முதல் வாரத்தில் காட்டும் பச்சைக்கும் சிவப்புக்கும் அர்த்தம் குறைவு. முதல் நாள் கல்யாண வீட்டில் ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டதும் அதைச் சிவப்பாக்கலாம். கால் தசை வலி அதில் தெரியவே தெரியாது.

எனவே எளிதான சோதனை: காலைத் துடிப்பு வழக்கத்தைவிட 7-க்கு மேல் கூடி இரண்டு மூன்று நாள் அப்படியே இருக்கிறதா, தூக்கம் கெட்டிருக்கிறதா, படி இறங்கும்போது தொடை முணுமுணுக்கிறதா? மூன்றில் இரண்டு ஆம் என்றால் அன்றைய கடினப் பயிற்சியை ஈஸியாக்குங்கள், பச்சை காட்டினாலும். காய்ச்சல் என்றால் ஓட்டமே வேண்டாம்.

## அறிகுறி 6: ஒரு சிரமமும் இல்லை, ஆனால் இலக்குக்குப் போய்ச் சேருமா தெரியவில்லை

கஷ்டம் இல்லாததால் யாரும் இதைச் சந்தேகப்படுவதில்லை. போட்டி நாளிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். அரை மாரத்தானை முடிப்பதே இலக்கு என்றால், போட்டிக்கு இரண்டு அல்லது மூன்று வாரம் முன்பு 16 முதல் 18 கி.மீ. ஓட்டம் ஒன்று இருக்கவேண்டும், அதன்பின் தூரம் குறையவேண்டும். அதிகபட்ச ஓட்டம் 12 கி.மீ.யில் நின்றுவிட்டால் கடைசி 9 கி.மீ.க்கு உங்கள் காலுக்கு எந்த ஒத்திகையும் இல்லை. போட்டிக்கு முந்தின வாரம்தான் மிக நீளமான ஓட்டம் என்றாலும் தப்பு, களைப்போடு போய் நிற்பீர்கள்.

## திருத்திய பிறகு

நம்மவர் திட்டத்தை அழித்துவிட்டு புதிதாகப் போட்டார். 3 நாள், 5 கி.மீ. நேரம் 31 நிமிடம், இலக்கு "முடித்தால் போதும்". முதல் வாரம் 17 கி.மீ. வந்தது: 5, 5, 7. பிறகு 19, 21, நாலாவது வாரம் 16-க்கு இறக்கம். பதினோராவது வாரம் உச்சம், 33 கி.மீ., அதில் ஞாயிறு ஓட்டம் மட்டும் 17. வாரத் தூரத்தில் பாதி ஒரே நாளில் விழுவது எனக்குப் பிடிக்காத விஷயம், ஆனால் மூன்று நாளில் அரை மாரத்தானுக்குத் தயாராகிறவருக்கு வேறு வழி இல்லை. அதனால் அந்த ஞாயிறுகளில் நாலு கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு நிமிடம் நடக்கச் சொன்னோம், திங்கட்கிழமை முழு ஓய்வு.

17 என்பதும் அவருடைய 13-ஐவிட மூன்றில் ஒரு பங்கு வரம்பைத் தொட்டு நிற்கிறது. முன்னங்கால் ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்ததால் முதல் செவ்வாயின் 5 கி.மீ.யை 3 ஆக்கி, ஆப்பில் அந்தப் பயிற்சியைக் கையால் திருத்தினார். உங்கள் ஆப் இப்படித் தனிப் பயிற்சியைத் திருத்த விடுகிறதா என்பதைச் சந்தா கட்டும் முன், இலவசக் காலத்திலேயே பார்த்துவிடுங்கள். நாள் எண்ணிக்கையையும் தொடக்கத் தூரத்தையும் மாற்ற விடாத ஆப்புக்குப் பணம் கட்டுவதைவிட, அந்தத் தாளிலேயே 14 வரிசை எழுதிக்கொண்டு ஓடலாம்.